பப்பாளிக்காயா, அன்னாசியா, ஆப்ப சோடாவா: ஆட்டுக்கறியை மிருதுவாக்கும் மூன்று வழிகள்

முற்றிய ஆட்டின் தொடைக்கறியைக் குக்கரில் வைக்காமல் கல்லிலோ கம்பியிலோ வாட்ட விரும்புகிறவர்களுக்கு நம் சமையலறையில் மூன்று வழிகள் உள்ளன: பப்பாளிக்காய் விழுது, அன்னாசிச் சாறு, ஆப்ப சோடா. குழம்பு வைப்பவருக்கு இவற்றில் எதுவும் கட்டாயமில்லை, ஏனென்றால் நீரும் நேரமும் சூடுமே அந்த வேலையைச் செய்துவிடும். குறைந்த நேரத்தில் உலர்சூட்டில் வேகும் கறிக்குத்தான் இவை தேவைப்படுகின்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணிப் பயன்படுத்துவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

கறி கடினமாக இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, தசை இழைகளில் உள்ள புரதங்கள் சூடு பட்டதும் சுருங்கி, தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுவது. மற்றொன்று, இழைகளைக் கட்டி வைத்திருக்கும் ஜவ்வு, அதாவது கொலாஜன் என்னும் புரதம். பப்பாளியும் அன்னாசியும் இந்த இரண்டையுமே வெட்டுகின்றன. சோடாவோ எதையும் வெட்டுவதில்லை. முதல் காரணத்தை மட்டும் தணிக்கிறது.

பப்பாளிக்காயில் வேலை செய்வது அதன் பாலில் உள்ள பப்பெய்ன் என்னும் நொதி. காயின் தோலைக் கத்தி நுனியால் மெல்லக் கீறினால் வெண்மணிகளாகத் துளிர்க்கிறதே, அதுதான் அந்தப் பால். அது தோலை ஒட்டியே அதிகம் இருப்பதால், தோலைச் சீவி எறிந்துவிட்டு உட்சதையை மட்டும் அரைப்பவர் வீரியத்தில் பெரும்பகுதியை எறிந்துவிடுகிறார். காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். மஞ்சள் ஏறிய காயை அரைத்துப் போட்டால் இனிப்புதான் சேரும். ஒரே அளவு விழுது ஒரு நாள் சரியாகவும் மறுநாள் அளவு மீறியும் வேலை செய்வதற்குக் காரணம், காய்க்குக் காய் இந்தப் பாலின் அளவு மாறுவதே. பப்பாளியின் பெரிய குறை இது என்பேன்.

இந்த நொதியைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது அது எந்தச் சூட்டில் வேலை செய்கிறது என்பது. குளிர்பெட்டியில் அது மிக மெதுவாகவே இயங்கும். ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை முழு வேகத்தில் வெட்டும். 80 டிகிரியைத் தாண்டினால்தான் செயலிழக்கத் தொடங்கும். ஆகவே கறி ஊறும்போது நடப்பதைவிட அடுப்பில் சூடேறும்போது நடப்பதே அதிகம். இதை ஒரே கறியில் இரு விதமாகச் செய்து பார்த்திருக்கிறேன். எலும்பில்லாத தொடைக்கறி 400 கிராமை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, தோலோடு அரைத்த விழுது இரண்டு தேக்கரண்டி, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசறி, குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். பாதியை நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் போட்டுப் புரட்டி எடுத்தபோது, கடித்தால் இழை தெரியும்படி, ஆனால் பல்லுக்குச் சிரமமில்லாமல் வந்தது. மறுபாதியைக் குளிர்ந்த வாணலியில் போட்டு மூடி, சிறுதீயில் அரை மணி நேரம் விட்டேன். மூடியைத் திறந்தபோது துண்டுகளின் ஓரங்கள் கரைந்து, சாறு கஞ்சிபோல் கெட்டிப்பட்டிருந்தது. கரண்டியால் அழுத்தியதும் கறி இழையாகப் பிரியாமல் களிமண்போல் மசிந்தது. விழுதும் ஊறிய நேரமும் ஒன்றே. இரண்டாவது பாதி அந்த 60–70 டிகிரிக்குள் நெடுநேரம் தங்கிவிட்டதுதான் வேறுபாடு.

ஹைதராபாத்தின் கச்சி பிரியாணியில் பச்சைக் கறியைப் பப்பாளி விழுதோடு ஊறவைத்துத் தம் போடுகிறார்களே, அது எப்படிக் கரையாமல் இருக்கிறது என்று கேட்கலாம். அங்கே கறி பெரிய துண்டுகளாக, எலும்போடு இருக்கிறது. தம் போடும் தொடக்கத்தில் தீயைக் கூட்டி வைப்பதால் அடியிலுள்ள கறி ஆபத்தான சூட்டை விரைவாகக் கடந்துவிடுகிறது. நொதி மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போவதும் இல்லை. பெரிய துண்டில் இது காப்பு. ஆனால் மேல்புறம் குழைந்தும் நடு கடினமாகவும் ஆகிவிடும் அபாயமும் அதிலேயே இருக்கிறது. துண்டு பெரிதாக இருந்தால் விழுதைக் கூட்டுவதைவிட, முள்கரண்டியால் ஆழமாகக் குத்திவிட்டு விழுதைத் தடவுவதே சரி.

அன்னாசியில் இருப்பது புரோமெலைன். இதுவும் அதே குடும்பத்து நொதிதான், ஆனால் சூட்டைத் தாங்குவதில் இளையது. ஏறத்தாழ 50–60 டிகிரியில் மும்முரமாக இயங்கி, 70 டிகிரியை ஒட்டிப் பெரும்பாலும் அடங்கிவிடும். அடுப்பில் கைமீறிப் போவது அதனால் பப்பாளியைவிடக் குறைவு. ஆனால் சாறு நீர்மமாக இருப்பதால் ஊறும்போதே மேற்பரப்பு முழுவதும் பரவிவிடுகிறது. மெல்லிய துண்டுகளுக்கு அரை மணி நேரமே அதிகபட்சம். இரவு முழுவதும் ஊறவிட்ட கறியைத் தொட்டால் வழவழப்பாகவும், மேலே வெளிறிய பசை படிந்ததாகவும் இருக்கும். அதை இனி எப்படிச் சமைத்தாலும் மாவுத்தன்மை போகாது. டப்பாவில் அடைத்த அன்னாசி சூடுபடுத்தப்பட்டது என்பதால் அதில் நொதி செத்திருக்கும். அதில் கிடைப்பது புளிப்பும் இனிப்பும் மட்டுமே. தயிரோடு அன்னாசியைச் சேர்த்து ஊறவைப்பதையும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் நொதி பால்புரதத்தையும் வெட்டிக் கசப்பை உண்டாக்கும். நம் மசாலாவில் அதன் இனிப்பு எளிதில் ஒட்டாது என்பதால், சுக்காவுக்கு நான் அன்னாசியைத் தேர்வதில்லை.

ஆப்ப சோடாவின் வழி முற்றிலும் வேறு. கறி இயல்பாகச் சற்று அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஹெச் ஏறத்தாழ 5.5. அந்த நிலையில் தசைப் புரதங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும், நீரைப் பிடித்துவைக்கும் இடம் குறைவு. சோடா கரைசல் மேற்பரப்பின் பிஹெச்சை உயர்த்தும்போது புரதங்கள் ஒரே வகை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. இடைவெளியில் நீர் தங்குகிறது, வேகும்போது சுருக்கமும் குறைகிறது. ஜவ்வு இருந்தபடியே இருக்கும். ஆகவே முழங்கால் கறிக்கோ மார்புக் கறிக்கோ சோடா பயன்படாது. ஜவ்வு குறைந்த சதையை இழைக்குக் குறுக்கே மெல்லியதாக நறுக்கி, அதிகத் தீயில் வதக்கும்போது இதற்கு நிகரில்லை. 200 கிராம் கறிக்குக் கால் தேக்கரண்டி சோடாவை ஒரு மேசைக்கரண்டி நீரில் கரைத்துப் பிசறி, இருபது நிமிடம் கழித்து நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துணியால் ஒற்றிவிட வேண்டும். எலுமிச்சையையும் தயிரையும் அதற்குப் பிறகே சேர்க்க வேண்டும்; முன்னரே சேர்த்தால் நுரைத்து இரண்டின் குணமும் போய்விடும்.

சோடாவிலும் அளவு மீறல் உண்டு, ஆனால் அதன் அடையாளம் வேறு. கறி மசியாது, வழுக்கலான ரப்பர்போல் துள்ளும், நாக்கில் சோப்புச் சுவை நிற்கும், காரத்தன்மையால் மேல்புறம் வழக்கத்தைவிட விரைவாகக் கருக்கும். ஊறிய பிறகு முகர்ந்து பார்த்துச் சந்தேகம் வந்தால் மறுபடி கழுவிச் சரிசெய்யலாம். நொதிக்கு அந்த வசதி இல்லை, ஏனெனில் வெட்டிய புரதம் மீண்டும் ஒட்டாது.

கோழிக்கறிக்கு, குறிப்பாகப் பிராய்லர் கோழிக்கு, பப்பாளியும் அன்னாசியும் தேவையே இல்லை. அதன் மார்புச் சதைக்குச் சோடா போதும். முற்றிய ஆட்டின் தொடைக்கு, கம்பியில் வாட்டுவதாக இருந்தால், பப்பாளியைத்தான் சொல்வேன். 500 கிராமுக்கு இரண்டு தேக்கரண்டியில் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் ஒரு துண்டை மட்டும் காய்ந்த கல்லில் வாட்டிக் கடித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அப்போதே வெளிப்புறம் மசியத் தொடங்கியிருந்தால், மீதிக் கறியை இனி ஊறவிடாமல், மேலே ஒட்டியிருக்கும் விழுதை வழித்தெடுத்துவிட்டு உடனே கொத்தி, பொட்டுக்கடலை மாவு சேர்த்து உருட்டிக் கோலா உருண்டையாகப் பொரித்துவிடலாம். அதில் குழைந்த கறி குறையாகத் தெரியாது.