ஞானப்பல் எடுக்க வாயுவா, மாத்திரையா, ஊசியா? மலைப்பாதையில் வீடு திரும்புகிறவரின் கணக்கு

என் கீழ்த்தாடையில் ஒரு ஞானப்பல் சாய்ந்து படுத்திருந்தது. ஈறைக் கீறி, எலும்பைச் சற்றுக் குடைந்துதான் எடுக்க முடியும் என்று கண்டியில் டாக்டர் சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, பயத்தைத் தணிக்க மூன்று வழிகள் இருப்பதையும் சொன்னார். மூக்கால் இழுக்கும் சிரிப்பு வாயு, முன்கூட்டியே விழுங்கும் மாத்திரை, கை நரம்பில் ஏற்றும் ஊசி மருந்து. நான் வாயுவைக் கேட்டேன். இன்னொரு பல் எடுக்க நேர்ந்தாலும் அதையேதான் கேட்பேன்.

மாத்திரைதான் மலிவு, ஊசிக்குத்தான் ஆளும் கருவியும் கூடுதலாக வேண்டும் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. வலியைப் போக்குவது மூன்று வழிகளிலுமே ஈறில் போடும் விறைப்பூசிதான். இவை பயத்தை மட்டும் தணிக்கும். கூப்பிட்டால் பதில் சொல்லும் நிலையிலேயே நம்மை வைத்திருக்கும். என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. பல் எடுத்த பிறகு கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் வளைந்து வளைந்து வர வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு வரை படிக்கட்டு. அந்த வழியில் உடம்பில் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதுதான் எனக்குக் கேள்வி.

மாத்திரை என்றால் பெரும்பாலும் டயசெபாம். வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பு விழுங்கச் சொல்வார்கள். சிலருக்கு முந்தின இரவும் ஒன்று. இதில் டாக்டரின் கைக்கு அடங்காத ஒன்று உண்டு. மருந்து வயிற்றைக் கடந்து இரத்தத்தில் கலக்க வேண்டும். அது எப்போது உச்சத்தைத் தொடும் என்று ஆளுக்கு ஆள் மாறும். சோறு சாப்பிட்டுவிட்டுப் போட்டால் இன்னும் தாமதமாகும். என் சின்னம்மாவுக்கு அதுதான் நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபோது பயம் அப்படியே இருந்தது; பல்லை எடுத்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கண் சொருகியது. வாயில் கடித்திருந்த பஞ்சு நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நான்தான் தலையை நிமிர்த்திப் பிடித்து, பஞ்சை மாற்றி வைத்தேன்.

அதோடு முடியவில்லை. டயசெபாம் உடம்பில் பாதியாகக் குறையவே ஒன்றிலிருந்து இரண்டு நாள் பிடிக்கும். கல்லீரல் அதை உடைக்கும்போது உண்டாகும் பொருளும் தூக்கம் தருவதுதான், அது இன்னும் மெதுவாகப் போகும். வயதானவர்களிடம் இரண்டும் மேலும் நீளும். மறுநாள் காலை சரியாகிவிட்டது என்று தோன்றும். காலின் நிதானம் மட்டும் திரும்பியிருக்காது. சின்னம்மா மறுநாளே கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறப் புறப்பட்டார். நாங்கள் விடவில்லை. இன்னொரு எச்சரிக்கை: வேலை செய்யவில்லை என்று நினைத்து இரண்டாவது மாத்திரையை நாமாகப் போடவே கூடாது. முதலாவது பிந்தி வந்து இரண்டாவதோடு சேரும். சாராயமும், தும்மலுக்குப் போடும், தூக்கம் வரவைக்கும் மாத்திரையும் அப்படியே சேரும்.

நரம்பு வழி மருந்தை நான் ஏற்றிக்கொண்டதில்லை. என் மச்சானுக்கு ஏற்றியபோது துணைக்குப் போனவன் என்ற அளவில்தான் எழுதுகிறேன். மருந்து மிடசோலம். ஒரே தள்ளாகத் தள்ளாமல், ஒரு மில்லிகிராம் அளவாகச் செலுத்தி, ஓரிரு நிமிடம் பார்த்து, பேச்சு குழறத் தொடங்கியதும் நிறுத்துகிறார்கள். விரலில் ஒட்சிசன் மானி, கையில் இரத்த அழுத்தப் பட்டை. மூச்சைக் கவனிக்கவே ஒருவர். மிகவும் பயந்தவருக்கு, நீண்ட நேரம் எடுக்கும் வேலைக்கு, இந்த மூன்றில் இதைவிட உறுதியான வழி இல்லை. மச்சானுக்கு ஊசிக்குப் பிறகு நடந்தது எதுவும் நினைவில்லை.

அந்த மறதிதான் திரும்பும் வழியில் சுமையாகிறது. டாக்டர் சொன்ன பத்தியம் முழுவதும் அவர் காதில் விழுந்தது, தலையாட்டவும் செய்தார். கம்பளை தாண்டுமுன்னே பல்லை எடுத்துவிட்டார்களா என்று கேட்டார். பதில் சொன்னேன். சற்று நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. துணையாக ஒரு பெரிய ஆள் இல்லாமல் அனுப்ப மாட்டார்கள்; 24 மணி நேரம் வண்டி ஓட்டவோ, இயந்திரத்தைத் தொடவோ, பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ கூடாது. மயக்கம் மிஞ்சினால் ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்து இருக்கிறது. அது மிடசோலத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் தூக்கம் திரும்பி வரக்கூடும். அதைக் கொடுத்திருந்தால் அங்கேயே கூடுதல் நேரம் இருந்துவிட்டுத்தான் மலையேற வேண்டும்.

இனி வாயு. மூக்கின் மேல் ஒரு சின்ன ரப்பர் மூடி. முதலில் வெறும் ஒட்சிசன். பிறகு சிரிப்பு வாயுவான நைட்ரஸ் ஒட்சைட்டைப் பத்துப் பத்து வீதமாகக் கூட்டுகிறார்கள். பெரும்பாலோருக்கு 30, 40 வீதத்தில் போதுமாகிறது. எனக்கு முதலில் விரல் நுனி கூசியது, அடுத்து கால்கள் இதமாகக் கனத்தன. எலும்பு குடையும் சத்தம் கேட்டது; அது அடுத்த அறையில் யாருக்கோ நடப்பது போல் இருந்தது. அளவு மிஞ்சினால் நமக்கே தெரியும்: குமட்டும், வியர்க்கும், வாய் தானாக மூடிக்கொள்ளும். உடனே கையைத் தூக்க வேண்டும். குறைத்தால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இந்த வேகம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. வாயு இரத்தத்தில் மிகக் கொஞ்சமாகவே கரைகிறது, கல்லீரலுக்கு அதில் வேலை இல்லை. வந்த வழியே மூச்சில் வெளியேறிவிடுகிறது. கடைசியில் ஐந்து நிமிடம் வெறும் ஒட்சிசன் தருவார்கள். அவசரம் என்று அதைச் சுருக்க விடாதீர்கள். இரத்தத்திலிருந்து வாயு ஒரேயடியாக நுரையீரலுக்குத் திரும்பும்போது ஒட்சிசனுக்கு இடம் குறைந்து தலைவலியும் கிறக்கமும் வரும். நான் எழுந்து, சொன்ன பத்தியத்தை நானே எழுதிக்கொண்டேன். கினிகத்தேனை வளைவுகளில் எனக்கு மிஞ்சியிருந்தது விறைத்த உதடு மட்டும்தான்.

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. வாயு வேலை செய்வது அதன் அழுத்தத்தால். 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே 40 வீதம் கொடுத்தால் கொழும்பில் 32 வீதம் கொடுத்தது போலத்தான். டாக்டர் எண்ணை நம்பாமல் ஆளைப் பார்த்துக் கூட்டுவது மலைநாட்டில் இன்னும் அவசியம்.

வாயுவுக்குக் குறை இல்லாமல் இல்லை. எல்லா ஊரிலும் கிடைக்காது. பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். பயம் மிகக் கடுமையாக உள்ளவர்களுக்கு இது போதாது. அவர்களுக்கு மச்சான் போன வழியே சரி, துணையும் வாடகை வானும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், B12 குறைபாடு, அண்மையில் கண்ணுக்குள் வாயு வைத்துச் செய்த சத்திரசிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிட வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் வாயு உள்ளே போகவே போகாது. மழைக் காலத்துச் சளியோடு கண்டி வரை போய்த் திரும்புவதைவிட, தொலைபேசியில் சொல்லி வேறு திகதி வாங்கிக்கொள்ளலாம்.