கார் ஸ்பேர் சாவி: நாமே செய்வதா, சாவிக்காரரா, டீலரா?

முதலில் நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன். பழைய ரிமோட் சாவி ஒன்றை ஆன்லைனில் வாங்கி, அதன் உலோக அலகை மட்டும் என் காருக்கு ஏற்ப வெட்டிக்கொண்டேன். கார் கையேட்டில் சொன்னபடி இக்னிஷனைத் திருப்பிப் பட்டனை அழுத்தியதும் கதவு திறந்தது. சரி, வேலை முடிந்தது என்று ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் ஒரு நொடி ஓடி அணைந்தது. டேஷ்போர்டில் சாவி விளக்கு மினுங்கியது.

சாவிக்குள் இரண்டு தனித்தனி சமாசாரங்கள் இருக்கின்றன. கதவைத் திறக்கும் ரேடியோவுக்கு பேட்டரி வேண்டும். சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத பூட்டான இம்மொபிலைசருக்கு ஒரு சிப் இருக்கிறது, அதற்குப் பேட்டரியே வேண்டாம். இக்னிஷன் சாவித்துவாரத்தைச் சுற்றியுள்ள சுருள்தான் அதற்கு மின்சாரம் தருகிறது. கார் ஒரு எண்ணை அனுப்பும். சிப் தன் ரகசியக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டு விடை சொல்லும். விடை தவறினால் இன்ஜின் ஓடாது. கையேட்டு முறையில் நான் பதிந்தது ரேடியோவை மட்டும்தான். சில கார்களில் சிப்பையும் நாமே பதியலாம், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை செய்யும் இரண்டு சாவிகள் கேட்கும். இரண்டு இருந்தால் நான் ஏன் ஸ்பேர் தேடப் போகிறேன்!

அதனால் கார் சாவி வேலை தெரிந்த ஒருவரை அழைத்தேன். இப்போதும் என் ஓட்டு அவருக்குத்தான். வந்ததும் கார் பேட்டரிக்கு சார்ஜர் மாட்டினார். பதிவு நடுவில் வோல்டேஜ் இறங்கினால் பாதியில் நின்றுவிடுமாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கணினியோடு பேசும் ஓபிடி போர்ட்டில் கருவியைச் செருகினார். நான் வாங்கியதைக் கார் ஏற்கவில்லை. அது வேறொரு காரில் பூட்டப்பட்ட சிப். புதிய சாவி ஒன்றைப் பதிந்தார், கூடவே என்னிடம் ஏற்கெனவே இருந்த பழைய சாவியையும் மறுபடி பதிந்தார். பல கார்களில் புதுப் பதிவு பழையதை அழித்துவிடும், ஆகவே வீட்டில் உள்ள எல்லாச் சாவியும் கையில் இருக்க வேண்டும்.

டீலரிடம் போனால் உரிமை ஆவணங்களைக் காட்டி, சேசிஸ் எண்ணுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் தயாரிப்பாளரின் சர்வர் அனுமதியில்லாமல் பதிய விடாத புதிய கார்களுக்கு அதுதான் வழி. பட்டன் ஸ்டார்ட் காரில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அங்கே அடித்துச் சொல்லமாட்டேன்.

எந்த வழியானாலும் தீர்மானிப்பது ஒன்றுதான்: வேலை செய்யும் சாவி ஒன்று கையில் இருக்கும்போதே செய்கிறோமா? இருந்தால் சேர்ப்பது அரை மணி வேலை. எல்லாம் தொலைந்த பிறகு என்றால், சாவியைப் பதிய கார் கேட்கும் ரகசிய எண்ணைத் தேட வேண்டும். சில கார்களில் இம்மொபிலைசர் பெட்டியையே கழற்றி நினைவகத்தைப் படிக்க வேண்டும். கார் நகராததால் டீலரிடம் போக இழுவை வண்டி வேறு.

கிளம்புமுன் அவர் பழைய சாவியைத் தூரத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, புதியதன் பேட்டரியைக் கழற்றி ஸ்டார்ட் செய்து காட்டினார். இன்ஜின் அணையாமல் ஓடியது.