மாற்றுவதா, படமாகவே விடுவதா: அட்டவணைகளோடு 5 வருடம்

பழைய ஆய்வகக் கையேடுகளையும் பாடப்புத்தகங்களையும் ஸ்கேனிலிருந்து மின்னூலாக்கும் வேலையை 5 வருடமாகச் செய்துவருகிறேன். உரைப் பகுதிகளை ஓசிஆரில் போட்டுப் பிழை திருத்தினால் போதும், முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது அட்டவணைதான். அதிலும் எதை உண்மையான அட்டவணையாக மாற்றுவது, எதைப் படமாக விட்டு விளக்கம் எழுதுவது என்ற முடிவில் நான் இரண்டு பக்கமும் தவறியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் கொஞ்சம் கோணலாகத் தெரிந்த எல்லாவற்றையும் படமாக வெட்டி ஒட்டினேன். உப்புகளின் கரைதிறன் அட்டவணை ஒன்று நினைவிருக்கிறது. தலைப்பு இரண்டு அடுக்காக இருந்தது: மேலே "வெப்பநிலை", அதற்குக் கீழே நான்கு பாகைகள். இடப்பக்கம் மூன்று உப்புகளைச் சேர்த்து ஒரு பெரிய அடைப்புக்குறி. நடுவில் பல இடங்களில் 'மேற்படி' குறி. பார்த்த மாத்திரத்தில் "இது மாறாது" என்று படமாக்கிவிட்டேன். புத்தகத்தைப் பயன்படுத்தியவர்கள் ஓர் எண்ணைக்கூட நகலெடுக்க முடியவில்லை, உப்பின் பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை, எழுத்தைப் பெரிதாக்கினால் உரை மட்டும் பெரிதாகி அட்டவணை அப்படியே நின்றது.

அந்த அட்டவணையில் உண்மையில் எந்தக் கோணலும் இல்லை. அடைப்புக்குறியும் 'மேற்படி' குறியும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இருக்க வந்தவை. அடைப்புக்குறிக்குள் இருந்த சொல்லை மூன்று வரிசையிலும் திரும்ப எழுதினேன், 'மேற்படி' இருந்த இடங்களில் மேலே இருந்த மதிப்பை நிரப்பினேன், இரண்டு அடுக்குத் தலைப்பை "கரைதிறன், 20 பாகை" என்று ஒரே அடுக்காக்கினேன். அரை மணி நேர வேலை.

இதில் கிடைத்த தைரியத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். எல்லாவற்றையும் மாற்றியே தீருவேன் என்று உட்கார்ந்தபோது மாட்டியது, அயனிகளைப் பிரித்துக் கண்டறியும் பக்கம். வேதியியல் கையேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கட்டத்துக்குள் கட்டமாகப் பிரிந்துகொண்டே போகும். முதல் தொகுதியை எடுத்துக்கொள்வோம். மேலே முழு அகலத்துக்கு ஒரு கட்டம்: வெள்ளி, காரீயம், மெர்குரஸ் ஆகியவற்றின் குளோரைடு வீழ்படிவு; சூடான நீர் சேர்த்து வடிகட்டு. அதன் கீழே இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் "வடிநீர்": இதில் காரீயம், பொட்டாசியம் குரோமேட் சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு. இடப்பக்கம் "எச்சம்": நீர்த்த அம்மோனியா சேர்த்து வடிகட்டு. அந்த எச்சத்தின் கீழே மறுபடியும் இரண்டு: கறுத்துப்போன எச்சம் என்றால் மெர்குரஸ், வடிநீரில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து வெள்ளை வீழ்படிவு வந்தால் வெள்ளி.

சாதாரண மார்க்டவுன் அட்டவணையில் கட்டங்களை இணைக்க வழியில்லை என்பதால் எச்டிஎம்எல்லுக்குப் போனேன். மூன்று பத்தி, மூன்று வரிசை. மேல் கட்டத்துக்கு `colspan="3"`, முதல் எச்சத்துக்கு `colspan="2"`, காரீய வடிநீருக்கு `rowspan="2"`. திரையில் அச்சு அசலாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பார்வையற்ற நண்பர் ஒருவர் அதை என்விடிஏ ஸ்கிரீன் ரீடரில் கேட்டுவிட்டு, "ரெண்டு எச்சம், ரெண்டு வடிநீர் இருக்கு. எது எதிலிருந்து வந்துச்சு?" என்றார். அட்டவணைக்குள் `Ctrl+Alt` அழுத்தி அம்பு விசைகளால் நகரும்போது அது வரிசை எண், பத்தி எண், கட்டத்தில் உள்ளது, தலைப்பு இருந்தால் தலைப்பு ஆகியவற்றைச் சொல்லும். இங்கே தலைப்பே கிடையாது. "வரிசை 3, பத்தி 2, வடிநீர்" என்று கேட்பவருக்கு அது முதல் எச்சத்திலிருந்து பிறந்த வடிநீர் என்று எப்படித் தெரியும்? நமக்குத் தெரிவதற்குக் காரணம் கட்டம் நேர் கீழே, பாதி அகலத்தில் இருப்பதுதான். செய்தி முழுக்க அந்த இடத்தில் இருந்தது. நான் மாற்றியது சொற்களை மட்டும். போனில் வேறு மூன்று பத்தியும் நசுங்கி, ஒரு வரிக்கு ஒரு சொல் என்று நின்றது.

அப்போதிலிருந்து ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன். அட்டவணையில் ஏதாவது மூன்று கட்டங்களைக் கண்ணை மூடித் தொட்டு, ஒவ்வொன்றையும் "இந்த வரிசைக்கு, இந்தப் பத்தியில், இது" என்று வாக்கியமாகச் சொல்லிப் பார்ப்பேன். "இந்த உப்புக்கு, 20 பாகையில், இத்தனை கிராம்": சரி, மாற்றலாம். "மஞ்சள் வீழ்படிவு" என்ற கட்டத்தைத் தொட்டால், "அதற்கு முன்னால் சூடான நீர் ஊற்றியிருப்போம் இல்லையா, அதில் வடிந்து வந்ததில்..." என்று கதை சொல்ல வேண்டியிருக்கிறது. கதை தேவைப்பட்டால் அது அட்டவணை வேடத்தில் இருக்கும் வரைபடம். படமாகவே விட்டுவிடுவேன்.

நாற்பது வரிசையில் இரண்டு மட்டும் முரண்டுபிடித்தால் அதற்காக முழுவதையும் படமாக்குவதில்லை. அந்த இரண்டையும் அடிக்குறிப்பாக இறக்கிவிட்டு மீதியை மாற்றிவிடுவேன். எண்கள் நிறைந்த எதையும் படமாக்கக் கை வருவதில்லை.

படமாக விடுவதிலும் அடிபட்டேன். முதல் தடவை முழு விளக்கத்தையும் `alt`டுக்குள் திணித்தேன். ஸ்கிரீன் ரீடர் அதை ஒரே மூச்சில் ஒப்பித்தது. நடுவில் பட்டியலாக நிறுத்தி, ஒரு படி பின்னே போய்க் கேட்க முடியாது. இப்போது `alt` ஒரே வரி. முழு விளக்கம் படத்துக்குக் கீழே, எல்லோரும் பார்க்கும்படி, உள்ளடங்கிய பட்டியலாக:

```html
<img src="thoguthi1.png"
  alt="முதல் தொகுதி பிரிப்பு வரைவு. படிகள் கீழே.">
<ul>
  <li>குளோரைடு வீழ்படிவு: சூடான நீர் சேர்த்து வடிகட்டு
    <ul>
      <li>வடிநீர்: காரீயம்</li>
      <li>எச்சம்: அம்மோனியா சேர்த்து வடிகட்டு
        <ul>
          <li>எச்சம் கறுப்பு: மெர்குரஸ்</li>
          <li>வடிநீர்: வெள்ளி</li>
        </ul>
      </li>
    </ul>
  </li>
</ul>
```

எது எதன் கீழ் என்பதைப் பட்டியலின் அடுக்கே சொல்லிவிடுகிறது. நண்பர் இதைக் கேட்டுவிட்டு வேறு கேள்வி கேட்கவில்லை.

இன்னொன்று: பின்னணியை நீக்கி ஒளி ஊடுருவும் பிஎன்ஜியாகச் சேமித்து வைத்திருந்தேன். இரவுப் பயன்முறையில் கறுப்புக் கோடுகள் கறுப்புத் திரையோடு கரைந்து, கட்டங்களே காணாமல் போயின. வெள்ளைப் பின்னணியோடு சேமித்தால் தீர்ந்தது. ஜேபெக் வேண்டாம், சிறிய எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும்.

இந்த முறையில் எனக்கு இன்னும் இருக்கும் தலைவலி, விளக்கத்தில் பிழை நுழைவது. அட்டவணையில் ஒரு கட்டம் தவறினால் ஓட்டை கண்ணில் படும். விளக்கத்தில் அப்படி எதுவும் தெரியாது, வாக்கியம் வழவழவென்று ஓடும். ஒருமுறை "சூடான நீர்" என்பதில் "சூடான" விடுபட்டுவிட்டது. குளிர்ந்த நீரில் காரீயக் குளோரைடு அவ்வளவாகக் கரையாது என்பதால் அந்த ஒரு சொல் போனால் பிரிப்பே நடக்காது. நான் மூன்று தடவை படித்தும் பிடிபடவில்லை. படம் மனதில் இருந்ததால் இல்லாத சொல்லையும் சேர்த்தே படித்திருக்கிறேன்.

இப்போது விளக்கத்தை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்து, படத்தைக் காட்டாமல், காகிதத்தில் கட்டங்களை வரைந்து தரச் சொல்கிறேன். அவர் வரைந்ததைப் படத்தின் பக்கத்தில் வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்ப்பேன். போன வாரம் இரண்டாம் தொகுதியை இப்படி வரைந்தவர் ஒரு கிளையை இடம் மாற்றிப் போட்டிருந்தார். பட்டியலைத் திறந்து பார்த்தால் நான்தான் ஒரு `</ul>`ஐ ஒரு வரி முன்னால் மூடியிருந்தேன்.