கடைவாய்ப்பல் கிரவுனும் பல் காப்புறுதியும்: மூன்று வருட அனுபவம்

2022 ஏப்ரல் 1இல் அலுவலகக் குழுக் காப்புறுதியோடு பல் சிகிச்சைக்கான மேலதிகப் பகுதியையும் எடுத்தேன். மாதாமாதம் சம்பளத்தில் கழிந்தது. பல் சுத்தம் செய்வதற்கும் நிரப்புவதற்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். பல்லின் நரம்பை எடுத்து அடைக்கும் ரூட் கனலுக்கு ஆறு மாதம், பல்லின் மேல் ஒட்டும் உறையான கிரவுனுக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எதைப் பொறுத்தது என்பதை என் கீழ்க் கடைவாய்ப்பல் உடைந்த பிறகுதான் சரியாகப் படித்தேன்.

2023 ஜனவரியில் முறுக்குக் கடிக்கும்போது வலது பக்கப் பல்லில் ஒரு துண்டு போய்விட்டது. பெப்ரவரியில் வெள்ளவத்தையில் ரூட் கனல் செய்தேன். ஆறு மாதம் கடந்திருந்ததால் அந்தப் பணம் சிக்கலில்லாமல் வந்தது. ரூட் கனல் செய்த கடைவாய்ப்பல் எளிதில் பிளக்கும், கிரவுனைத் தள்ளிப் போடாதீர்கள் என்று டொக்டர் சொன்னார். என் பன்னிரண்டு மாதம் முடிய ஐந்து வாரம் இருந்தது.

கிரவுன் ஒரே நாள் வேலை இல்லை. முதல் நாள் பல்லைச் சுற்றிச் செதுக்கி அச்சு எடுத்து, தற்காலிக உறை போட்டு அனுப்புவார்கள். ஆய்வுகூடத்திலிருந்து கிரவுன் வந்ததும் இன்னொரு நாள் ஒட்டுவார்கள். ஒட்டும் நாள் ஏப்ரலில் விழுந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் மனம் கேட்காமல், எந்தத் திகதியைக் கணக்கில் எடுப்பீர்கள் என்று காப்புறுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேட்டேன். பல் செதுக்கும் திகதிதான் சிகிச்சை தொடங்கிய திகதி, அது காத்திருப்புக் காலத்துக்குள் இருந்தால் கிரவுனுக்குப் பணமே கிடைக்காது என்று பதில் வந்தது. சில நிறுவனங்கள் ஒட்டும் திகதியைப் பார்க்கும். அதனால் தொலைபேசியில் கேட்டு விட்டுவிடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டொக்டரிடம் சொன்னேன். அவர் பல்லை உறுதியான நிரப்புப் பொருளால் கட்டி, எதிர்ப்பல் அழுத்தாதபடி மேல்பகுதியைச் சற்றுக் குறைத்துவிட்டார். ஐந்து வாரமும் இடது பக்கத்தால் மட்டும் சாப்பிட்டேன். ஏப்ரல் 3 செதுக்கினார், புத்தாண்டு முடிந்து 18ஆம் திகதி ஒட்டினார். வலியோ வெடிப்போ இருந்தால் இப்படிக் காத்திருக்கக் கூடாது, பல்லே போய்விடும். பில்லில் திகதியை மாற்றி எழுதச் சொல்வதும் வேண்டாம். அது மோசடி, கிளெய்மோடு காப்புறுதியும் போகும்.

பணக் கணக்கில்தான் எனக்கு வருத்தம். சிர்கோனியா கிரவுன் 65,000 ரூபா. கிரவுனுக்கு 60 சதவீதம் என்று இருந்ததால் 39,000 வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் விலக்குகள் பகுதியில், அதே வேலையைச் செய்யும் குறைந்த செலவுச் சிகிச்சையின் விலைக்கே பணம் என்று ஒரு வரி இருந்தது. அவர்கள் உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கிரவுனுக்கு வைத்திருந்த விலை 40,000. அதில் 60 சதவீதம் 24,000தான். என் கையிலிருந்து 41,000 போனது. அதே கிளினிக்கில் அந்தப் பீங்கான் கிரவுன் 42,000க்குக் கிடைத்தது. அதைப் போட்டிருந்தால் 18,000தான் போயிருக்கும். யாருக்கும் தெரியாத கடைவாய்ப்பல்லுக்கு அது தாராளமாகப் போதும் என்பதே இப்போது என் கருத்து.

கிளெய்ம் ஒரு தடவை திரும்பி வந்தது. பில்லில் ‘பல் சிகிச்சை’ என்று மட்டும் இருந்தது. எந்தப் பல் என்று இல்லை, செதுக்குவதற்கு முந்தைய எக்ஸ்ரேயும் இல்லை. பல்லுக்கு இலக்கம் உண்டு, என்னுடையது 46, கீழ் வலது முதல் கடைவாய்ப்பல். இரண்டாம் தடவை டொக்டரிடம் புதிய கடிதம் வாங்கினேன். அதில் பல் இலக்கம், கிரவுன் ஏன் தேவைப்பட்டது, செதுக்கிய திகதி, ஒட்டிய திகதி, கிரவுன் எந்தப் பொருள், அவருடைய இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கம் எல்லாம் இருந்தன. ‘ரூட் கனலுக்குப் பின் பல்லின் பெரும்பகுதி இல்லை’ என்ற வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் அழகுக்காகச் செய்தது என்று ஒதுக்கிவிட இடம் உண்டு. விண்ணப்பப் படிவம், அசல் பற்றுச்சீட்டு, முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்கள் எல்லாம் சேர்த்து மே கடைசியில் கொடுத்தேன். பில் திகதியிலிருந்து 60 நாள்தான் அவகாசம். ஜூனில் பணம் கணக்குக்கு வந்தது. கொடுக்குமுன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அசல் திரும்பி வராது.

மூன்று வருடமாகப் பல் நன்றாக இருக்கிறது. அந்தப் படங்களை இன்னும் அழிக்கவில்லை. ஒரே பல்லுக்கு ஐந்து வருடத்துக்குள் மறுபடி கிரவுன் போட்டால் பணம் இல்லை என்று ஒரு விலக்கு உண்டு. என் ஐந்து வருடம் 2028 ஏப்ரல் 18 அன்றுதான் முடியும்.