ரிவ்யூ நாளில் பிரசன்டேஷன்: காணொளியா, கூட்டாளியா?

பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள் எங்கள் நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாதங்களில் என் மின்னஞ்சலுக்குத் தவறாமல் வரும் செய்தி இது: "வியாழக்கிழமை கல்லூரியில் புராஜெக்ட் ரிவ்யூ, சார். அன்று வர இயலாது." அதே வியாழக்கிழமைதான் இங்கே அவருடைய பிரசன்டேஷனும் இருக்கும். கல்லூரி தேதியை மாற்றாது என்பது எனக்கும் தெரியும். அதனால் விடுப்பில் தகராறு இல்லை. மாற்றாக எதை முன்வைக்கிறார் என்பதைத்தான் பார்ப்பேன்.

"கல்லூரியிலிருந்தே ஆன்லைனில் சேர்ந்துகொள்கிறேன்" என்பது கேட்க நன்றாக இருக்கும், நடக்காது. ரிவ்யூவில் எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பதினொரு மணிக்கு இங்கே நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அங்கே அவர் பெயரை அழைத்துவிடுவார்கள்.

மிச்சம் இரண்டு வழிகள். ஒன்று, பேசிப் பதிவு செய்த காணொளி. சென்ற ஆண்டு ஒரு மாணவி அனுப்பிய பன்னிரண்டு நிமிடக் காணொளி குறையில்லாதது. ஆனால் வாடிக்கையாளர் புகார்களைக் காட்டும் வரைபடத்தில் மார்ச் மாதம் மட்டும் விடுபட்டிருந்தது. "மார்ச் எங்கே?" என்று மேலாளர் நான்காம் நிமிடத்தில் கேட்டார். காணொளியை நிறுத்தினோம், பதில் சொல்ல ஆளில்லை. பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறிய அந்த மாதத்தில் ஒரே புகார் இரண்டு முறை பதிவாகியிருந்ததாம், அதனால் நீக்கியிருக்கிறார். மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் மேலாளருக்கு மற்ற மாதங்கள்மீதும் சந்தேகம் வந்துவிட்டது.

இன்னொன்று, உடன் பயிற்சி பெறுபவரைப் பேசவைப்பது. அவர் தடுமாறுவார், ஸ்லைடைப் பார்த்துப் படிப்பார். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான், கேள்வி வரும்போது அறையில் ஒரு மனிதர் இருப்பார் என்பதால். ஒரே நிபந்தனை, முந்தைய நாள் அவரை ஒருமுறை முழுதாகப் பேசவைத்துக் கேட்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் கேள்வியும் வரும். அந்த ஸ்லைடின் நோட்ஸ் பகுதியில் காரணத்தை எழுதிவிடலாம். டேஷ்போர்டை நேரடியாகக் காட்டுவதாக இருந்தால் அவருடைய கணக்கில் அது திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் திறக்காது.

காணொளிக்கும் ஓர் இடம் உண்டு: கூட்டாளிக்கு ஒத்திகைப் பாடமாக.

இந்த ஆண்டு எனக்குப் பிடித்த கடிதம் திங்கட்கிழமையே வந்தது:

"வணக்கம் சார். வியாழன் கல்லூரியில் இரண்டாம் ரிவ்யூ; தேதி இன்று காலைதான் வந்தது. அன்று வர இயலாது, மன்னிக்கவும். என்னுடன் பயிற்சி பெறும் தோழி பேசச் சம்மதித்திருக்கிறார். புதன் மூன்று மணிக்கு ஒத்திகை பார்க்கிறோம். அவரால் பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் குறித்து வைப்பார். வெள்ளி மதியத்துக்குள் எழுதித் தருகிறேன். நானே பேசுவது நல்லது என்று நீங்கள் நினைத்தால் திங்கள் காலை தயார்."

தள்ளிவைக்கும் முடிவை அவரே எடுக்காமல் கடைசி வரியில் என்னிடம் விட்டிருந்தார். நான் தள்ளிவைக்கவில்லை. புதன் ஒத்திகைக்கு மட்டும் போய் உட்கார்ந்தேன்.