ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டும் 68,400 ரூபாய் போச்சு! ஆன்லைனில் விற்கிறவர்கள் படியுங்கள்

இன்னும் கை நடுங்குகிறது. நேற்று ராத்திரி என் விற்பனைக் கணக்கிலிருந்து 68,400 ரூபாயை யாரோ எடுத்துவிட்டார்கள். ஆம்பூரில் தைத்து வாங்கி, சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தே பேக் செய்து அனுப்புகிற தோல் பர்ஸ், பெல்ட் எல்லாம் விற்ற காசு. தளத்தின் பெயரைச் சொல்லவில்லை, வழக்குக்குச் சிக்கலாகும் என்கிறார்கள். கைவினைப் பொருள் விற்கிற ஒரு பெரிய ஆன்லைன் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்மைத் திருடி ஓ.டி.பி வாங்குகிறார்கள் என்று எல்லோரும் சொன்னதால்தான், எஸ்.எம்.எஸ் வேண்டாம் என்று ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாறினேன். க்யூஆரை ஸ்கேன் செய்தால் ஒரு ரகசியச் சாவி நம் போனுக்குள் உட்கார்ந்துவிடும். அதை வைத்து 30 விநாடிக்கு ஒரு ஆறு இலக்க எண் போனிலேயே உருவாகும். டவரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். அன்றைக்கே அந்தத் தளத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். "இனிமே உங்க நம்பருக்கு வேலையே இல்ல மேடம், ஆப் இருந்தாதான் உள்ள போக முடியும்" என்று சொன்னார்கள். அந்த வார்த்தையை நம்பினேன்.

முந்தாநாள் காலையில் போனில் No Service. ஆபீசர்ஸ் லைன் பக்கம் இருக்கிற சிம் கம்பெனி கடைக்கு ஓடினேன். பையன் கம்ப்யூட்டரைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "டவர் பிரச்சினைக்கா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, நாளைக்கு வந்துடும்" என்றான். மறுநாள் காலையிலும் அதே பதில். சிம் செத்துக் கிடந்த அந்தப் போனில், ஆப் மட்டும் எண்ணை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துத்தான் தைரியமாக இருந்தேன்.

உண்மையில் வேறு ஊர்க் கடை ஒன்றில் போலிச் சான்றைக் காட்டி என் நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கிறார்கள். புது சிம் உயிர் பெற்றதும் 24 மணி நேரம் அதில் எஸ்.எம்.எஸ் வராது, போகாது. தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் விதி அது. சொந்தக்காரர் விழித்துக்கொள்ளத்தான் அந்த நேரம். எனக்கான அந்த 24 மணி நேரத்தை "டவர் பிரச்சினை" என்று சொல்லியே கடைக்காரன் தின்றுவிட்டான்!

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். திருடன் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதை அழுத்தினான். ஓ.டி.பி என் நம்பருக்குப் போனது, அதாவது அவன் கைக்கு. புதுக் கடவுச்சொல் போட்டதும் தளம் ஆப் எண்ணைக் கேட்டது. அதற்குக் கீழேயே சின்ன எழுத்தில் Try another way. அதை அழுத்தினால் மறுபடியும் எஸ்.எம்.எஸ், அதே நம்பருக்கு! பணம் போக வேண்டிய வங்கிக் கணக்கை மாற்றவும் அதே நம்பருக்கு ஓ.டி.பி. முன்வாசலுக்கு எத்தனை பூட்டுப் போட்டு என்ன, கொல்லைக் கதவைத் தாளே போடாமல் விட்டிருக்கிறார்கள். ஆப்பை யாரும் உடைக்கவில்லை. அதைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை.

தளத்துக்குப் போன் செய்தால், "சரியான ஓ.டி.பி கொடுத்துதான் மேடம் மாத்தியிருக்காங்க, எங்க பக்கம் தப்பில்ல" என்று லைனைத் துண்டிக்கிறார்கள். அந்த "நம்பருக்கு வேலையே இல்ல" என்ற வார்த்தை எங்கே போனது? சிம் கம்பெனியோ, சான்று பொருந்தியதால் கொடுத்தோம் என்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் என் 68,400 ரூபாய்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஆப் போட்டதும் வெளியேறி, வேறு போனிலிருந்து நுழைந்து பாருங்கள். எண் கேட்கிற இடத்தில் "வேறு வழி" என்பதை அழுத்துங்கள். எஸ்.எம்.எஸ் என்று வந்தால் உங்கள் ஆப்பால் பயனில்லை. போன் தொலைந்தால் உள்ளே போகத் தளம் தருகிற பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, உள்நுழைவிலும் கணக்கு மீட்பிலும் நம்பரை எடுத்துவிடுங்கள். எடுக்க விடாத தளமென்றால் அங்கே பணத்தைத் தேங்க விடாதீர்கள், வர வர வங்கிக்கு மாற்றிவிடுங்கள். மின்னஞ்சலிலும் இதே சோதனையைச் செய்யுங்கள், அது வழியாகவும் கடவுச்சொல்லை மாற்றலாம்.

வங்கி, யுபிஐ, ஆதார் ஓ.டி.பி பெரும்பாலும் நம்பரோடுதான் இருக்கும், ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டதால் அது மாறிவிடாது. வாட்ஸ்அப்பும் நம்பர்தான். அதில் இரண்டடுக்கு பின் எண் போடுங்கள்.

சிக்னல் காரணமில்லாமல் போனால் கடைப் பையன் பேச்சைக் கேட்காதீர்கள். வீட்டில் வேறொருவர் போனிலிருந்து கம்பெனிக்கே அடித்து, "என் நம்பருக்கு சிம் மாத்தியிருக்காங்களா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் உடனே முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் முதலில் 1930, பிறகு cybercrime.gov.in.