15 ஃபிரேம் செண்டை மேளம்: கலவையா, அசைவுக் கணிப்பா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் திருவிழாவில், இரவில் பழைய போனில் எடுத்த செண்டை மேளக் காட்சி. நொடிக்கு 15 ஃபிரேம்தான். அதை 30 ஆக்க எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் இரண்டு வழி:

```
minterpolate=fps=30:mi_mode=blend
minterpolate=fps=30:mi_mode=mci
```

முதலாவது, அடுத்தடுத்த இரு ஃபிரேம்களைப் பாதிப் பாதியாகக் கலக்கிறது. அடிக்கும் கோல் இரண்டாக, கண்ணாடி போல மங்கித் தெரியும். படம் உடையாது, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அசைவு உண்மையில் சீராவதில்லை, குழம்புகிறது.

இரண்டாவது, படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றும் எங்கே நகர்ந்தது என்று தேடி, நடுவழியில் வைக்கிறது. கேமரா மெல்லத் திரும்பும்போது பின்னால் இருக்கும் பனைகள் அழகாக வழுக்கிப் போகும். கோல்தான் சிக்கல். ஒரு ஃபிரேமுக்குள் கோல் நகரும் தூரம், மென்பொருள் தேடும் எல்லையைத் தாண்டிவிடும். அப்போது கோல் வளையும், துண்டாகும், சில சமயம் காணாமலே போகும். அடிப்பவரின் கையைச் சுற்றிப் பின்னணியும் நெளியும். இரவுப் படத்தின் புள்ளி இரைச்சலும் கணிப்பைத் திசைதிருப்பும்.

பிளேயரில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒன்று விட்டு ஒன்று மட்டும் கெட்டிருந்தால், அது இட்டு நிரப்பிய ஃபிரேம்.

ஊர்வலக் காட்சிக்கு mci எடுப்பேன். மேளக்காரரின் கை நெருக்கத்தில் இருந்தால் 15-லேயே விட்டுவிடுவேன். இரு ஃபிரேமுக்கு நடுவே விழுந்த அடி எந்த வழியிலும் திரும்பி வராது.